டெவலப்பரோடு உட்கார்ந்து சோதிப்பது: ஒரு பணம் அனுப்பும் ஃபார்மை வைத்து

கேள்வி: மொரீஷியஸ்ல எபேனில் ஆறு பேர் டீம், டெஸ்டர் நான் ஒருத்திதான். ஸ்பிரின்ட் முடிய ரெண்டு நாள் இருக்கும்போதுதான் எல்லாம் என் கைக்கு வருது. பக் எழுதி, அவங்க திருத்தி, நான் திரும்பப் பார்க்கிறதுக்குள்ள ரிலீஸ் வந்துடுது. டெவலப்பரோட ஜோடியா உட்கார்ந்து டெஸ்டிங் பண்ணிப் பாருன்னு லீட் சொல்றார். ஒரு தடவை உட்கார்ந்தோம். அவர் ஸ்கிரீனைக் காட்டிக்கிட்டே போனார், நான் தலையாட்டிக்கிட்டு இருந்தேன், ஒண்ணும் கிடைக்கல. இதை எப்படி நடத்தணும்? இப்ப கையில இருக்கிறது தேதி குறிச்சு பணம் அனுப்பற ஃபார்ம்.

பதில்:

கீபோர்டு அவர் கையில் இருந்ததுதான் காரணம். எழுதியவர் ஓட்டிக் காட்டும்போது தான் போட்ட பாதையில்தான் போவார்: தொகை 1000, தேதி நாளைக்கு, பட்டனை ஒரே ஒரு அழுத்து. எல்லாம் ஓடும். ஏற்கெனவே ஓடுகிறது என்று அவருக்குத் தெரிந்ததால்தான் அதைச் செய்கிறார். அது டெமோ.

முதல் பாதியில் கீபோர்டு உங்களிடம் இருக்கட்டும். டெவலப்பர் பக்கத்தில் இரண்டாவது திரையோடு உட்காரட்டும். அதில் சர்வர் லாக் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், டேட்டாபேஸில் ஃபார்ம் பதியும் டேபிளைப் பார்க்கும் குவெரி ஒன்று தயாராக இருக்க வேண்டும், அவர் எழுதிய கோடும் திறந்திருக்க வேண்டும். நீங்கள் வெளியே ஒன்று செய்த அடுத்த நொடியே உள்ளே என்ன நடந்தது என்று அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். தனியாகச் சோதிக்கும்போது உங்களுக்குக் கிடைக்காதது இதுதான். ஸ்கிரீனில் சரியாகத் தெரிந்து, உள்ளே தப்பாகப் பதிவாகும் பிழைகள் பெரும்பாலும் இப்படித்தான் பிடிபடும். பாதி நேரம் போனதும் இடம் மாறிக்கொள்ளுங்கள்.

எப்போது உட்காருவது என்பது அடுத்தது. கோடு இன்னும் அவருடைய பிராஞ்சில்தான் இருக்க வேண்டும், புல் ரிக்வெஸ்ட் மெர்ஜ் ஆகியிருக்கக் கூடாது. ஆனால் முக்கியமான பாதை ஒரு தடவையாவது முழுசாக, தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஓடியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் உட்கார்ந்தால் "அது இன்னும் எழுதலை" என்ற பதிலையே கேட்டுக்கொண்டிருப்பீர்கள். மெர்ஜ் ஆன பிறகு என்றால் டிக்கெட், திருத்தம், மறுபடி டிப்ளாய், மறுபடி சோதனை என்று பழைய வட்டமே திரும்பும். அவர் மனசும் அடுத்த வேலைக்குப் போயிருக்கும். காலை ஸ்டாண்டப்பில் "மெயின் பாதை ஓடிடுச்சு" என்று யாராவது சொன்னால் அன்றைக்கு மதியமோ மறுநாள் காலையோ நேரத்தைப் பிடித்துவிடுங்கள்.

மொத்தம் 90 நிமிடம் போதும். முதல் 10 நிமிடம் பேச்சு, 60 முதல் 65 நிமிடம் சோதனை, மீதி முடிப்பு வேலை. முக்கால் மணிக்குள் முடித்தால் கண்ணுக்குத் தெரிந்ததைத் தாண்ட மாட்டீர்கள். இரண்டு மணிக்கு மேல் இழுத்தால் குறிப்பு எழுதுவது முதலில் நின்றுபோகும், பிறகு கவனம் போகும். வேலை பெரிசாக இருந்தால் துண்டாக்கி இரண்டு நாளில் செய்யுங்கள்.

முந்தின நாளே இரண்டு காரியம் செய்துவைக்க வேண்டும். ஒன்று, எதைத் தேடுகிறோம் என்று ஒரே வாக்கியம் எழுதுவது. டெஸ்டர்கள் இதைச் சார்ட்டர் என்பார்கள். "ஃபார்மைச் சோதிப்பது" என்று எழுதினால் அது ஒன்றும் சொல்லவில்லை. "பிரெஞ்சு, ஆங்கில முறையில் எழுதிய தொகைகளும் விடுமுறையை ஒட்டிய தேதிகளும் டேட்டாபேஸில் சரியாகப் பதிகின்றனவா, மெதுவான இணைப்பில் பணம் இரண்டு தடவை போகிறதா என்று பார்ப்பது" என்று எழுதினால் 90 நிமிடத்துக்கு எல்லை கிடைத்துவிடும். வழியில் வேறு ஏதாவது தட்டுப்பட்டால், இது சார்ட்டருக்குள் வருமா என்று கேட்டுக்கொண்டு தொடரலாம் அல்லது தள்ளிவைக்கலாம்.

இரண்டாவது, சூழலைத் தயாராக்குவது. அவருடைய மெஷினிலேயே செய்யுங்கள், அங்கேதான் கோடை நடுவில் நிறுத்திப் பார்க்க முடியும். பிராஞ்ச் பில்டாகி, மைக்ரேஷன் ஓடி, இரண்டு சோதனைக் கணக்குகள் இருக்க வேண்டும்: ஒன்றில் தாராளமாகப் பணம், மற்றொன்றில் கொஞ்சமே. எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு ஸ்கிரிப்டும் வேண்டும். பிரவுசரில் `Network` பக்கத்தைத் திறந்து `Preserve log` போட்டுவையுங்கள், பக்கம் மாறினாலும் பழைய ரிக்வெஸ்ட்கள் அழியாது. அவருடையது அசெர்ட்டி கீபோர்டு, உங்கள் விரல்கள் குவெர்ட்டிக்குப் பழகியவை என்றால் உங்கள் கீபோர்டையே எடுத்துக்கொண்டு போய்ச் செருகுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஷிஃப்ட் தேடிக்கொண்டிருந்தால் யோசனை அறுந்துவிடும். உட்கார்ந்து 15 நிமிடமாகியும் பில்ட் ஓடவில்லை என்றால் அமர்வைத் தள்ளிப்போடுங்கள். இல்லாவிட்டால் 90 நிமிடமும் செட்டப்பிலேயே கரைந்துபோகும்.

முதல் பத்து நிமிடத்தில் ஃபார்ம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு தாளில் அவரை வரையச் சொல்லுங்கள்: பிரவுசர், சர்வர், டேபிள், இரவில் பணத்தை அனுப்பும் ஜாப். பிறகு மூன்று கேள்வி. எந்த இடம் எழுதக் கஷ்டமாக இருந்தது? எதை வேறு புராஜெக்ட்டிலிருந்து அப்படியே எடுத்தீர்கள்? எதை இன்னும் எழுதவில்லை? மூன்றாவது கேள்வி நேரத்தை மிச்சப்படுத்தும். முதல் இரண்டும் எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டும். குறிப்பாக இரண்டாவதை விடாதீர்கள். எடுத்து ஒட்டிய கோடு அது பிறந்த ஊரின் பழக்கத்தோடு வரும். நம் ஊருக்கு அது பொருந்துமா என்று பொதுவாக யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

சோதனை தொடங்கிய பிறகு ஒரே ஒரு பேச்சு விதி. அழுத்துவதற்கு முன்னால், என்ன செய்கிறேன், என்ன நடக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்: "தொகையில் 1250,50 போடறேன், ஆயிரத்து இருநூற்றைம்பது ரூபாய் ஐம்பது சென்ட்னு பதியணும்." அவர் வேறு ஒன்றை எதிர்பார்த்தால் அங்கேயே சொல்லிவிடுவார். எதையும் அழுத்தாமலேயே ஒரு கருத்து வேறுபாடு வெளியே வந்துவிடும், அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான். பேச்சு கிரியோலில் ஓடினாலும் பரவாயில்லை. டிக்கெட்டில் எந்த மொழி வழக்கமோ குறிப்பு மட்டும் அந்த மொழியில் இருக்கட்டும்.

இனி உங்கள் ஃபார்மையே எடுத்துக்கொள்வோம். கோடு இப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். உங்களுடையது வேறு மாதிரி இருக்கலாம், ஆனால் இவை இந்த வகை ஃபார்ம்களில் அடிக்கடி வரும் பிழைகள்.

தொகையிலிருந்து தொடங்குங்கள். மொரீஷியஸில் ஒரே ஆள் காலையில் ஆங்கில ஸ்டேட்மென்ட்டையும் மாலையில் பிரெஞ்சு பில்லையும் பார்ப்பார். ஒன்றில் 1,250.50 என்றிருக்கும், இன்னொன்றில் 1 250,50. இரண்டையும் அப்படியே காப்பி செய்து ஒட்டுவார். கோடில் `parseFloat` இருந்தால் நடப்பது இது:

```js
parseFloat("1250,50")    // 1250
parseFloat("1 250,50")   // 1
parseFloat("1,250.50")   // 1
```

முதல் வரியில் ஐம்பது சென்ட் சத்தமில்லாமல் காணாமல் போகிறது. மற்ற இரண்டில் ஆயிரத்து இருநூற்றைம்பது ரூபாய் ஒரு ரூபாயாகிவிடுகிறது. எங்கேயும் எர்ரர் வராது, ஏனென்றால் `parseFloat` புரிந்த வரைக்கும் படித்துவிட்டு மீதியை விட்டுவிடும். தொகைக் கட்டத்தில் நீங்கள் போட்டது அப்படியே தெரிந்துகொண்டிருக்கும். டேபிளைப் பார்க்கும் டெவலப்பருக்குத்தான் 1 தெரியும். அவர் "ஒண்ணு" என்று சொல்ல, நீங்கள் ஸ்கிரீனைப் பார்க்க, பிழை பிடிபட்டுவிடும். டெஸ்ட் சர்வரில் தனியாகச் செய்திருந்தால் மறுநாள் அறிக்கையில் தொகை பொருந்தவில்லை என்று தெரிந்து, எங்கே போனது என்று அரை நாள் தேடியிருப்பீர்கள்.

அவர் உடனே இடைவெளியை நீக்கிவிட்டு, கமாவைப் புள்ளியாக மாற்றும் வரியை எழுதுவார். அப்போதும் விடாதீர்கள். பிரெஞ்சு பக்கத்திலிருந்து உண்மையாகவே காப்பி செய்து ஒட்டிப் பாருங்கள். பிரெஞ்சு முறையில் எண்களை அச்சிடும் புரோகிராம்கள் ஆயிரத்துக்குப் பின் வைக்கும் இடைவெளி பெரும்பாலும் நாம் ஸ்பேஸ்பாரில் தட்டும் இடைவெளி அல்ல, `U+202F` அல்லது `U+00A0` என்ற வேறு எழுத்து. `replace(" ", "")` அதைத் தொடாது. போதாததற்கு, முதல் இடைவெளியை மட்டும்தான் நீக்கும். `replace(/\s/g, "")` என்று எழுதினால் இரண்டும் போய்விடும். இந்த வித்தியாசம் தட்டச்சு செய்து பார்த்தால் தெரியவே தெரியாது, ஒட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

இங்கேயே ஒரு கேள்வி மிஞ்சும்: "1,250" என்று போட்டால் அது ஆயிரத்து இருநூற்றைம்பதா, ஒன்றேகாலா? இதற்கு நீங்கள் இருவரும் பதில் சொல்லக் கூடாது. சந்தேகமான எழுத்தை ஏற்காமல் திருப்பிக் கேட்பதா, மொழித் தேர்வை வைத்து முடிவெடுப்பதா என்பது புராடக்ட் ஓனருடைய வேலை. "கேள்வி" என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இரண்டு புத்திசாலிகள் உட்கார்ந்து தாங்களே விதி போட்டுக்கொள்வதுதான் இந்த மாதிரி அமர்வுகளில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. அன்றைக்கு வேகமாக முடிந்த மாதிரி இருக்கும், ரிலீஸில்தான் சண்டை வரும்.

அடுத்தது தேதி. குறித்த தேதி பொது விடுமுறை என்றால் பணம் அடுத்த வேலை நாளில் போக வேண்டும் என்பது விதி என்று வைத்துக்கொள்வோம். முதலில் விடுமுறை டேபிளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 2026க்கு மூன்றே வரி இருக்கிறது: ஜனவரி 1, ஜனவரி 2, பிப்ரவரி 1. மகா சிவராத்திரி இல்லை, மார்ச் 12 இல்லை. ஏன்? டேபிளைக் காலி செய்துவிட்டு, பட்டியலை வரிவரியாகப் பதிக்கும் ஸ்கிரிப்டை அவர் மறுபடி ஓட்டினால் லாகில் `duplicate key value violates unique constraint` என்று வரும். 2026இல் தைப்பூசக் காவடியும் அடிமை ஒழிப்பு நாளும் ஒரே நாளில், பிப்ரவரி 1 அன்று வந்தன. டேபிளில் தேதியே தனிச்சாவியாக இருந்ததால் இரண்டாவது வரி ஏறாமல் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிட்டது, அதற்குப் பிறகுள்ள விடுமுறை ஒன்றுமே உள்ளே போகவில்லை. தைப்பூசம், சிவராத்திரி, தீபாவளி எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு நகரும். நிலையான விடுமுறையோடு என்றைக்காவது மோதத்தான் செய்யும். தேதியும் பெயரும் சேர்ந்து தனிச்சாவியாக இருந்தால் தீர்ந்தது. இது ஐந்து நிமிட வேலை, அங்கேயே செய்துவிடலாம்.

பட்டியல் முழுசாக ஏறியதும் தேதிகளைப் போடுங்கள். 2026 மார்ச் 12, நம் தேசிய தினம், வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளி 13 வேலை நாள். முதலில் 13ஐத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். டேபிளில் பணம் போகும் தேதி 13 என்று வரும். நல்லது. அடுத்து 12ஐத் தேர்ந்தெடுங்கள், விதிப்படி 13க்குத் தள்ளிப்போக வேண்டும். டெவலப்பர் டேபிளைப் பார்த்து "பதினொண்ணு" என்பார். குறித்த தேதிக்கும் ஒரு நாள் முன்னாலேயே பணம் போகப்போகிறது.

காலண்டர் கட்டத்திலிருந்து வரும் `Date` பொருளை `toISOString()` வழியாகத் தேதியாக்கி அனுப்பியதுதான் காரணம்:

```js
const d = new Date(2026, 2, 12);
d.toISOString();
// "2026-03-11T20:00:00.000Z"
```

நம் நேரம் உலகப் பொது நேரத்துக்கு நாலு மணி முன்னால். இங்கே 12ஆம் தேதி நள்ளிரவு என்றால் பொது நேரத்தில் 11ஆம் தேதி இரவு 8 மணி. முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்தால் 11 வரும். அப்படியானால் 13 எப்படிச் சரியாக வந்தது? அதுவும் 12ஆகத்தான் சர்வருக்குப் போனது. 12 விடுமுறை என்பதால் சர்வர் அதை 13க்குத் தள்ளியது. இரண்டு தப்பும் சேர்ந்து சரியான விடையாகிவிட்டது. 13ஐ மட்டும் சோதித்து டிக் போட்டிருந்தால் பிழை அப்படியே போயிருக்கும். அதனால்தான் விடுமுறைக்கு முந்தின நாள், விடுமுறை நாள், அடுத்த நாள் மூன்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். விடுமுறைக்குப் பக்கத்திலேயே இல்லாத சாதாரண நாள் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் டெவலப்பர் "ஆனா இதுக்கு யூனிட் டெஸ்ட் இருக்கே, பாஸ் ஆகுதே" என்பார். உண்மைதான். டெஸ்ட்கள் ஓடும் கன்டெய்னர்கள் பெரும்பாலும் பொது நேரத்தில் இருக்கும், அங்கே நள்ளிரவு நள்ளிரவாகவே இருப்பதால் தேதி நகராது. அமெரிக்கக் கண்டத்தில் எழுதிய மாதிரிக் கோடாக இருந்தால் அங்கேயும் இது தெரிந்திருக்காது, ஏனென்றால் பொது நேரத்துக்குப் பின்னால் இருக்கும் ஊரில் நள்ளிரவை மாற்றினாலும் அதே தேதிதான் வரும். கிழக்கே இருக்கும் நமக்குத்தான் வெடிக்கும். அங்கேயே ஒரு கட்டளை ஓட்டச் சொல்லுங்கள்:

```sh
TZ=Indian/Mauritius npx jest
```

இப்போது அதே டெஸ்ட் சிவப்பாகும். சிவப்பானதைப் பார்த்த பிறகு திருத்துவது நல்லது. திருத்தம் எளிது: தேதிக்கு நேரம் தேவையே இல்லை, `2026-03-12` என்ற எழுத்தாகவே தேர்ந்தெடுத்த இடத்திலிருந்து டேபிள் வரைக்கும் கொண்டுபோனால் போதும். ஆனால் அந்தத் தேதி ஃபங்ஷனை வேறு மூன்று பக்கங்களும் பயன்படுத்துகின்றன என்று அவர் சொன்னால், அமர்வில் திருத்த வேண்டாம். டெஸ்டை மட்டும் எழுதி வைத்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

இதைத்தான் ஐந்து நிமிட விதி என்கிறேன். ஐந்து நிமிடத்தில் திருத்தி, அதே இடத்தில் மறுபடி ஓட்டிப் பார்க்க முடிகிற பிழையை அங்கேயே முடியுங்கள். அதற்கு மேல் போகும் என்று தெரிந்தால் எப்படி வரவைப்பது என்பதை மட்டும் எழுதிவிட்டு நகருங்கள். இந்த எல்லை இல்லாவிட்டால் முதல் நல்ல பிழை கிடைத்ததுமே டெவலப்பர் கோடுக்குள் மூழ்கிவிடுவார். நீங்கள் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு சொல்வது கொஞ்சம் கூச்சமாக இருக்கும், முதலிலேயே இருவரும் ஒப்புக்கொண்டால் கூச்சம் இருக்காது.

இப்போது கீபோர்டை அவரிடம் கொடுங்கள். மூன்றாவது பகுதிக்கு அவர் கைதான் பொருத்தம். `Network` பக்கத்தில் வேகத்தை `3G`க்குக் குறைத்துவிட்டு, அனுப்பும் பட்டனை இரண்டு தடவை வேகமாக அழுத்தச் சொல்லுங்கள். பதில் வந்த பிறகுதான் பட்டன் மங்குகிறது என்றால் இரண்டு ரிக்வெஸ்ட் போயிருக்கும், டேபிளில் இரண்டு வரி விழுந்திருக்கும். அழுத்தியவுடனே பட்டனை மங்கவைத்துவிட்டு அவர் நிம்மதியடைவார். அப்போது கேளுங்கள்: "சர்வர் பணத்தைப் பதிஞ்சிட்டு, பதில் மட்டும் வழியில தொலைஞ்சா?" கீபோர்டில் எழுதியவரே உட்கார்ந்திருப்பதன் பயன் இங்கேதான். சர்வர் பதிந்த பிறகு பதில் திரும்பும் முன் கோடை ஒரு வரியில் நிறுத்திவைத்து, பிரவுசரில் இணைப்பை `Offline` ஆக்கிவிட்டு, பிறகு இணைப்பைத் திரும்பக் கொடுத்து மறுபடி அனுப்ப அவரால் முடியும். வெளியிலிருந்து இந்த நிலையை நீங்கள் உண்டாக்குவது கஷ்டம். ஆள் மறுபடி அழுத்தத்தான் செய்வார், இரண்டாவது வரியும் விழும். பல சமயம் "ஆமா, டைம்அவுட் ஆனா நம்ம லைப்ரரி தானாவே இன்னொரு தடவை அனுப்பும்" என்று அப்போதுதான் அவருக்கே ஞாபகம் வரும். ஒவ்வொரு படிவத்துக்கும் பிரவுசர் ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாகப் பதியாமல் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். இது ஐந்து நிமிட வேலை இல்லை. டிக்கெட்.

குறிப்பு எழுதுவது பற்றி: கீபோர்டு யார் கையில் இல்லையோ அவர் எழுதுவார், ஒரு வரிக்கு மேல் வேண்டாம். மணி, என்ன போட்டோம், என்ன வந்தது, மணிக்குப் பக்கத்தில் ஒரு எழுத்து: பிழைக்கு ப, புராடக்ட் ஓனருக்கான கேள்விக்கு கே, சார்ட்டருக்கு வெளியே தட்டுப்பட்டதற்கு பி, அதாவது பிறகு. "10:42 ப. 12 மார்ச் தேர்வு, டேபிளில் 11" என்ற அளவு போதும். அழகாக எழுத ஆரம்பித்தால் சோதனை நின்றுவிடும். கடைசிக் கால் மணியில் இந்த வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பிரியுங்கள். அங்கேயே திருத்திய பிழைக்கு டிக்கெட் வேண்டாம், யூனிட் டெஸ்ட் ஒன்று மட்டும் அதே பிராஞ்சில் சேர வேண்டும். திருத்தாததற்கு டிக்கெட், இருவரும் பார்க்கும்போதே எழுதுங்கள், எப்படி வந்தது என்று பிறகு வாதம் இருக்காது. கேள்விகளை அன்றைக்கே புராடக்ட் ஓனருக்கு அனுப்புங்கள். குறிப்பை அப்படியே புல் ரிக்வெஸ்ட்டில் ஒட்டிவிட்டால் ரிவ்யூ செய்பவருக்கும் எது பார்த்தாயிற்று என்று தெரியும்.

அமர்வு சரியாகப் போகவில்லை என்பது சில அடையாளங்களில் தெரியும். அரை மணி ஆகியும் தாளில் ஒரு வரிகூட இல்லை என்றால் அது டெமோவாகிவிட்டது, கீபோர்டு யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். "எந்த யூசரும் இப்படிச் செய்ய மாட்டான்" என்ற வாக்கியம் மூன்றாவது தடவை வந்தால் அவர் தற்காப்பில் இருக்கிறார். வாதாடாதீர்கள். கே போட்டுவிட்டு நகருங்கள், தீர்ப்பு புராடக்ட் ஓனருடையது. நீங்கள் பேசாமல் தட்டிக்கொண்டே போனாலும் கெடும். எதைத் தேடுகிறீர்கள் என்று தெரியாத ஆள் லாகில் எதைக் கவனிப்பார்? லீடோ மேனேஜரோ "சும்மா பார்க்கிறேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தால் பணிவாக மறுத்துவிடுங்கள். மேலதிகாரி பார்க்கும்போது எந்த டெவலப்பரும் "இந்த இடம் எனக்கு நிச்சயமில்லை" என்று சொல்ல மாட்டார், உங்களுக்கு வேண்டியதோ அந்த வாக்கியம்தான். கிடைத்த பிழைகளை எண்ணி யாருக்கும் அறிக்கை கொடுக்க வேண்டாம் என்று லீடிடமே முன்கூட்டிப் பேசிவிடுவதும் இதற்காகத்தான்.

அவர் வாக்வாவில் வீட்டிலிருந்து, நீங்கள் ஆபீசிலிருந்து என்றால் திரைப் பகிர்வு மட்டும் போதாது, ரிமோட் கன்ட்ரோலும் வேண்டும். இல்லாவிட்டால் கீபோர்டு மறுபடியும் அவர் கைக்கே போய்விடும். கன்ட்ரோல் இழுத்து இழுத்து வந்தால் வேறு வழி இருக்கிறது: அவருடைய மெஷினில் ஓடும் ஆப்பை வி.பி.என். வழியாக உங்கள் பிரவுசரில் திறந்துகொண்டு, அவருடைய லாகையும் டேபிளையும் மட்டும் பகிர்வில் பாருங்கள். இரட்டை அழுத்தைப் பகிர்வு வழியாகச் சோதிக்காதீர்கள், நடுவில் வரும் தாமதம் முடிவைக் கெடுத்துவிடும். தூரத்தில் இருந்தால் 60 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இது பிடிக்காத பிழைகளும் உண்டு. ஒரு மெஷினில் இருவர் உட்கார்ந்து ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் என்ன ஆகும் என்று பார்க்க முடியாது. பழைய போன்களில் காலண்டர் கட்டம் திறக்கிறதா என்றும் தெரியாது. ஏற்கெனவே லட்சக்கணக்கில் வரிகள் உள்ள டேபிளில் அந்த மைக்ரேஷன் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதும் தெரியாது. இன்னொன்று, அவர் வரைந்த படத்தை முதலிலேயே பார்த்துவிட்டதால் அவருடைய நம்பிக்கைகளில் சில உங்களுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் மெர்ஜ் ஆன பிறகு, ஒரு நாள் தள்ளி, டெஸ்ட் சர்வரில் அரை மணி தனியாக ஓட்டுங்கள். முடிந்தால் அமர்வில் இல்லாத யாரையாவது கூப்பிட்டு ஃபார்மைக் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பாருங்கள்.

ஐந்து டெவலப்பருக்கு நீங்கள் ஒருவர் என்பதால் எல்லா டிக்கெட்டுக்கும் உட்கார முடியாது, தேவையும் இல்லை. பணம், தேதி, யாருக்கு என்ன அனுமதி என்பது, வெளி சிஸ்டத்தோடு பேசும் இடம் ஆகிய நாலில் ஒன்றாவது தொடும் வேலைக்கு மட்டும் வையுங்கள். எழுத்து மாற்றம், நிற மாற்றம், ரிப்போர்ட்டில் ஒரு நெடுவரிசை சேர்ப்பது போன்றவற்றை வழக்கம்போலப் பார்த்துக்கொள்ளலாம். வாரத்துக்கு இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் வேறு டெவலப்பரோடு என்று தொடங்குங்கள், அதையும் ஸ்பிரின்ட்டின் முதல் பாதியிலேயே காலண்டரில் போட்டுவையுங்கள். கடைசி இரண்டு நாளில் வைத்தால் ஐந்து நிமிட விதிக்கு வெளியே விழும் பிழைகளைத் திருத்த யாருக்கும் நேரம் இருக்காது.